கரண்டிக்கு ஒன்பது மார்க்!

ஸ்கூல்ல தமிழ்க் கட்டுரை எழுதிக் கொடுத்து, அது திரும்பி வந்தப்போ கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில 'இன்னும் விரிவாக எழுதுக'ன்னு ஒரு வரி பார்த்திருக்கீங்களா? பார்க்காதவங்க கையைத் தூக்குங்க... ஒருத்தரும் இல்லையா? அதானே! அடுத்த தடவை நாம எல்லாரும் என்ன பண்ணுவோம்? மூணு பக்கத்தை நாலரைப் பக்கம் ஆக்குவோம். எழுத்து கொஞ்சம் குண்டாகும், வரிக்கு வரி இடைவெளி கூடும், நடுவுல ரெண்டு 'மேலும்', ஒரு 'ஆகவே' வந்து உட்காரும். அப்பவும் அதே சிவப்பு மை, அதே வரி.

விரிவுன்னா நீளம் இல்லைன்னா, வேற என்ன? எடுத்துக்காட்டு நல்லா இருக்குன்னு எப்படி முடிவு பண்றாங்க? 'மொழி ஓட்டம்'னு ஒரு கட்டம் போட்டு அதுல பத்துக்கு ஆறுன்னு எழுதுறாங்களே, அந்த ஆறு எங்கேயிருந்து வருது? கட்டுரை எழுதுற நமக்கு இது மர்மம். திருத்துறவங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா மர்மம் பாதி விலகும். இந்த வாரம் உங்களையும் அந்த மேஜைக்குக் கூட்டிட்டுப் போறேன், வாங்க.

எங்க காலேஜ் தமிழ் மன்றம் சார்பா ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு'. ஒரு மணி நேரம். மொத்தம் 27 தாள். பெயரை மறைச்சு, எண் மட்டும் போட்டாச்சு. நடுவர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் கல்லூரியில முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற ஐயா. இன்னொருத்தர், தினமும் ப்ளஸ் டூ நோட்டு திருத்துற தமிழம்மா. விரிவுக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 10, மொழிக்கு 10, ஆக மொத்தம் 30. ஒருத்தர் போட்ட மார்க்கை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. மூணாம் வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கூட்டலாவது தெரிஞ்சிருக்கும்னு நம்பி, ரெண்டு பேர் மார்க்கையும் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலையை எனக்குக் கொடுத்தாங்க.

பெரும்பாலான தாள்ல ரெண்டு பேருக்கும் ரெண்டு, மூணு மார்க்தான் வித்தியாசம். ரெண்டே ரெண்டு தாள்ல மட்டும் கணக்கு இடிச்சுது. 7-ஆம் எண் தாளுக்கு ஐயா 24, தமிழம்மா 15. 14-ஆம் எண் தாளுக்கு அப்படியே தலைகீழ். ஐயா 12, தமிழம்மா 21!

இது ஏதோ எங்க ஊர் விசேஷம்னு நினைச்சுடாதீங்க. 1912-ல அமெரிக்காவுல டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட்னு ரெண்டு பேர், ஒரே ஆங்கிலப் பரீட்சைத் தாளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொன்னாங்க. 142 ஆசிரியர்கள் போட்ட மார்க் கைக்கு வந்துச்சு. அதே தாளுக்கு ஒருத்தர் 64, இன்னொருத்தர் 98! 'மொழின்னா அப்படித்தான், கணக்குன்னா இப்படி ஆகுமா?'ன்னு சிலர் கிண்டல் பண்ணினாங்களாம். அடுத்த வருஷமே ஒரு ஜியோமெட்ரி தாளை அனுப்பிப் பார்த்தாங்க. வித்தியாசம் இன்னும் மோசம். (இன்ஜினீயரிங் நண்பர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கவும்.)

'ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடலாமே ஐயா'ன்னு நான் சொன்னேன். சராசரி போட்டா 7-ஆம் தாளுக்கு 19.5, 14-ஆம் தாளுக்கு 16.5. பதினாலு மூணு பரிசுக்கும் வெளியே போயிடும். தமிழம்மா விடலை. "ஒருத்தர் இது மாம்பழம்னு சொல்றாங்க, ஒருத்தர் வாழைப்பழம்னு சொல்றாங்க. சராசரி எடுத்தா பலாப்பழம்னு வருமா தம்பி? தாளை எடுங்க, படிச்சே பார்த்துடலாம்"னாங்க. ஐயாவும் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல்ல 7. எழுத்து முத்து முத்தா இருக்கு. திருக்குறள்ல ஆரம்பம். பக்கம் நாலு. விரிவு கட்டத்துல ஐயா 8 போட்டிருந்தார், தமிழம்மா 4. ரெண்டாவது பத்தி இப்படிப் போகுது:

'சிக்கனம் மனித வாழ்வின் இன்றியமையாத பண்பாகும். சிக்கனம் இல்லாத வாழ்வு கரையில்லாத ஆற்றைப் போன்றது. எனவே நாம் ஒவ்வொருவரும் சிக்கனத்தைக் கடைப்பிடித்து வாழ வேண்டும். சிக்கனமாக வாழ்ந்தவர்களே வரலாற்றில் உயர்ந்துள்ளனர்.'

நல்லாத்தானே இருக்குன்னு தோணுதா? தமிழம்மா பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்துலயும் ஒரு கேள்வி போட்டாங்க. 'முந்தின வாக்கியம் சொல்லாத எதை இது சொல்லுது?' முதல் வாக்கியம் சிக்கனம் வேணும்னு சொல்லுது. ரெண்டாவது, சிக்கனம் இல்லைன்னா கஷ்டம். மூணாவது, சிக்கனம் வேணும். நாலாவது, சிக்கனம் இருந்தா நல்லது. நாலு வாக்கியம், ஒரே சரக்கு. மூணை அடிச்சாலும் பத்திக்கு எந்த நஷ்டமும் இல்லை. அப்படி அடிச்சுக்கிட்டே போனா நாலு பக்கக் கட்டுரை ஒண்ணேகால் பக்கத்துல நின்னுச்சு.

இப்ப 14. ஒன்றரைப் பக்கம்தான். எழுத்து கோழி கிளறின மாதிரி. ஆனா ரெண்டாவது பத்தியைப் பாருங்க:

'ஆற்றில் போட்டது திரும்பி வராது. திரும்பி வராத பொருளை எதற்கு அளக்க வேண்டும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஆனால் எவ்வளவு போனது என்று தெரியாவிட்டால் எவ்வளவு மிச்சம் என்றும் தெரியாது. நாளைக்கு எவ்வளவு போடலாம் என்றும் தெரியாது.'

இங்கேயும் நாலே வாக்கியம்தான். ஆனா எதை எடுத்தாலும் பத்தி நொண்டும். முதல் வாக்கியம் ஆற்றோட குணத்தைச் சொல்லுது. ரெண்டாவது அதுலயிருந்து நியாயமா ஒரு சந்தேகத்தைக் கிளப்புது. மூணாவது பதில் சொல்லுது. நாலாவது அந்தப் பதிலை நாளைக்கு நகர்த்துது. விரிவுன்னா இதுதாங்க. ஒரு கருத்தை ரப்பர் மாதிரி இழுக்கிறது இல்லை, அதுலயிருந்து அடுத்த படிக்கு ஏறுறது.

இன்னொண்ணையும் தமிழம்மா சுட்டிக் காட்டினாங்க. பழமொழி 'போடாதே'ன்னு சொல்லலை, 'அளந்து போடு'ன்னுதான் சொல்லுது. 27 பேர்ல பாதிப் பேருக்கு மேல 'வீணாக்காதே'ன்னு எழுதிட்டாங்க. அது பக்கத்து வீட்டுப் பழமொழி. 'போடு'ங்கிற சொல்லையும் 'அளந்து'ங்கிற சொல்லையும் பிடிச்சு எழுதினவங்க அஞ்சாறு பேர்தான். தலைப்புல இருக்கிற சொல்லுக்குப் பதில் சொல்லாத கட்டுரை எத்தனை பக்கம் போனாலும் விரிவுல பாதி மார்க்கைத் தாண்டக் கூடாதுங்கிறது தமிழம்மா கட்சி. ஐயா கொஞ்சம் யோசிச்சார். "பாதி சரிதான். ஆனா எழுத எழுத தலைப்புக்குத் திரும்பி வந்துடற பிள்ளைங்களும் உண்டு. கடைசிப் பத்தி வரை பார்த்துட்டுப் போடணும்"னார். பார்த்தாங்க. 7-ஆம் தாள் கடைசிப் பத்தியில ஒரே ஒரு இடத்துல 'வரவு செலவுக் கணக்கு' எட்டிப் பார்த்துச்சு. அதுக்கு ஒரு மார்க் கூட்டி, விரிவுக்கு 5.

இந்த இடத்துல ஒரு சின்னக் கிளைக்கதை. ரெண்டு பேர், 'இது ஆற்றிலே இல்லை, அகத்திலே என்பதே சரி'ன்னு ஆரம்பிச்சிருந்தாங்க. இந்த மாதிரி 'உண்மையான பழமொழி' விளக்கங்கள் இப்ப ஏராளம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனையில கழுதையையே காணாமப் பண்ணிடறாங்க. அரை வைத்தியன் ஆயிரம் பேரைக் கொன்ன பழமொழியில 'பேரை' எடுத்துட்டு 'வேரை' வெச்சுடறாங்க. இதுக்கெல்லாம் மார்க் உண்டா? ஐயா சொன்னார்: "சரியா தப்பான்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அதுக்கு ஆதாரம் வேணும், பரீட்சை ஹால்ல ஆதாரம் காட்ட முடியாது. அகம்னு வெச்சுக்கிட்டா கருத்து எப்படி மாறுதுன்னு எழுதியிருக்கானா? எழுதியிருந்தா மார்க். சொல்லை மாத்திட்டு, அதே சிக்கனப் பாட்டைப் பாடியிருந்தா எதுக்குக் கொடுக்கணும்?" ரெண்டு பேரும் அதே பாட்டைத்தான் பாடியிருந்தாங்க.

அடுத்த கட்டம், எடுத்துக்காட்டு. இங்கேதான் பெரிய சண்டை.

7-ஆம் தாள்ல காந்தியடிகள் வர்றார், காமராசர் வர்றார், எறும்பு வருது, தேனீ வருது. 'காந்தியடிகள் சிக்கனமாக வாழ்ந்து உலகிற்கே வழிகாட்டினார்.' நாலு எடுத்துக்காட்டு இருக்கேன்னு ஐயா 7 போட்டிருந்தார். தமிழம்மா போட்டது 3. காரணம் கேட்டதுக்கு, ஒரு வேடிக்கையான சோதனை செஞ்சு காட்டினாங்க. அந்தப் பத்தியை அப்படியே வெச்சுக்கிட்டு, மேலே தலைப்பை மட்டும் மாத்தினாங்க. 'எளிமை' – காந்தி பொருந்துறார். 'நாட்டுப்பற்று' – பொருந்துறார். 'முயற்சி திருவினையாக்கும்' – எறும்பும் சேர்ந்து பொருந்துது! எந்தத் தலைப்புக்குக் கீழே வெச்சாலும் ஒட்டுதுன்னா, அது இந்தத் தலைப்புக்காக எழுதினது இல்லை. பெயரைச் சொல்றது எடுத்துக்காட்டு ஆகாது, நடந்ததைச் சொல்லணும். அதோட நடந்ததுக்கும் பழமொழிக்கும் நடுவுல ஒரு முடிச்சுப் போடணும்.

"அப்ப காந்தியை எழுதவே கூடாதாம்மா?"ன்னு ஐயா கேட்டார். தமிழம்மா சிரிச்சுட்டாங்க. "தாராளமா எழுதலாம் ஐயா. அவர் லண்டன்ல சட்டம் படிக்கிறப்போ பஸ் கட்டணம், தபால் செலவு, பேப்பருக்குக் கொடுத்த சில்லறை வரைக்கும் எழுதி வெச்சு, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி கணக்கை நேர் பண்ணிட்டுத்தான் தூங்கினதா சத்திய சோதனையில சொல்றாரே. அந்த வரவு செலவுதான் 'அளந்து போடு'. இந்தப் பையன் அதை எழுதியிருந்தா எட்டு போட்டிருப்பேன். இவன் காந்தியோட போட்டோவை மட்டும் மாட்டியிருக்கான்."

இப்ப 14-ஆம் தாள். ஐயா 4 போட்ட இடம், தமிழம்மா 9 போட்ட இடம். எழுத்துப்பிழை, பேச்சுத்தமிழ் எல்லாத்தோடவும் அப்படியே தர்றேன்:

'எங்க அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை வைத்து இருக்கிறது. ராத்திரி மிச்சமான சாம்பாரைக் கொட்டும் முன்னாடி எத்தனை கரண்டி என்று எண்ணிட்டுதான் கொட்டும். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கும். கொட்டப் போறதை ஏன் எண்ணுகிறாய் என்று கேட்டேன். எண்ணினாத்தான் நாளைக்கு எவ்ளோ பருப்பு போடணும்னு தெரியும்னு சொன்னது. இப்போது எங்கள் கடையில் கொட்டுவது குறைந்து விட்டது.'

தமிழம்மா சத்தமா படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஃபேன் சத்தம் மட்டும்தான்.

தலைப்பு மாத்துற சோதனையை இதுக்கும் செஞ்சாங்க. 'சிறுதுளி பெருவெள்ளம்' – ஒட்டலை. இங்கே எதுவும் சேரலையே, கொட்டத்தானே படுது! 'சிக்கனம்' – ஓரளவுக்குத்தான். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' – பூட்டுக்குச் சாவி மாதிரி பொருந்துது. கொட்டப் போறதை அளக்கிறதுதான் பழமொழியே. அதுவும் இந்த அம்மா, பழமொழியில யாரும் சொல்லாத காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்காங்க: நேத்து கொட்டினதோட கணக்கு, நாளைக்குப் போடற பருப்போட கணக்கு. ப்ரொடக்‌ஷன் பிளானிங்னு எங்களுக்கு ஒரு பேப்பர் இருக்கு, அதுல இதையே அம்பது பக்கத்துல சொல்றாங்க!

பத்துக்குப் பத்து ஏன் கொடுக்கலைன்னு நான் கேட்டேன். "கடைசி வரியைப் பாரு தம்பி. 'கொட்டுவது குறைந்து விட்டது.' எவ்வளவு குறைஞ்சுது? பத்துக் கரண்டி மூணாச்சுன்னு எழுதியிருந்தா முழு மார்க். அளக்கிற கதையைச் சொல்லிட்டு, அளவை விட்டுட்டான்" – இது தமிழம்மா. ஐயா தன்னோட 4-ஐப் பார்த்தார். சொந்த வீட்டு நிகழ்ச்சியைவிட வரலாறும் இலக்கியமும் உயர்ந்த எடுத்துக்காட்டுன்னு அவர் படிச்ச காலத்துப் பழக்கமாம். "எடுத்துக்காட்டுக்குச் சாதி பார்த்திருக்கேன் போலிருக்கு"ன்னு சொல்லிட்டு, அடிச்சு 9 போட்டார்.

மூணாவது கட்டம், மொழி. ஐயா ஒரு நல்ல காரியம் பண்ணினார். அந்தப் பத்தை ரெண்டாப் பிரிச்சார். ஓட்டத்துக்கு 6, பிழையின்மைக்கு 4. "ரெண்டையும் ஒரே சட்டியில போட்டா ஒண்ணு இன்னொண்ணை முழுங்கிடும்மா"ன்னார்.

ஓட்டத்தை எப்படிப் பார்க்கிறது? வாய்விட்டுப் படிக்கணும், அதுதான் முதல் வழி. ரெண்டாவது வழி, வாக்கியங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் பார்க்கிறது. 7-ஆம் தாளோட சிக்கனப் பத்தியில நாலாவது வாக்கியத்தை முதல்ல வையுங்க, ரெண்டாவதைக் கடைசியில வையுங்க. ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்படின்னா வாக்கியங்கள் வரிசையா நிக்குது, ஆனா ஒண்ணோட கையை ஒண்ணு பிடிக்கலை. நடுவுல வர்ற அந்த 'எனவே'யையும் கவனிங்க. எனவேக்கு முன்னாடி காரணம் இருக்கணும், பின்னாடி விளைவு இருக்கணும். இங்கே முன்னாடி இருக்கிறது ஒரு உவமை. சும்மா ஃபெவிக்கால் தடவின மாதிரி ஒரு எனவே! ஆனா 14-ஆம் தாள் பத்தியைக் கலைச்சுப் பாருங்க, ரெண்டாவது வாக்கியத்தை முதல்ல வெச்சா 'திரும்பி வராத பொருள்' எதுன்னே புரியாது. அங்கே வர்ற 'ஆனால்' உண்மையிலேயே திசை திரும்புது. ஆக, ஓட்டத்துக்கு 7-ஆம் தாளுக்கு 4, கோழிக் கிளறலுக்கு 5! இதைப் போட்டப்போ ஐயாவே சிரிச்சுட்டார்.

ஓட்டம் தடுக்கி விழுற இன்னொரு இடத்தை வேற ஒரு தாள்ல காட்டினார். 'அம்மா பட்ஜெட் போட்டு, அப்பாவின் சம்பளம் குறைந்து, நாங்கள் சுற்றுலா செல்லவில்லை.' படிச்சா எங்கேயோ தட்டுது இல்லையா? 'போட்டு', 'குறைந்து' மாதிரி 'செய்து' வாய்பாட்டுல வர்ற எச்சம், கடைசியில வர்ற வினையைச் செய்யறவரோட செயலாத்தான் பொதுவா இருக்கணும். இங்கே போட்டது அம்மா, குறைஞ்சது சம்பளம், போகாதது நாங்கள். மூணு பேரை ஒரு வாக்கியத்துல கட்டி இழுத்திருக்கு. 'அம்மா பட்ஜெட் போட்டிருந்தார். ஆனாலும் அப்பாவின் சம்பளம் குறைந்ததால் நாங்கள் சுற்றுலா செல்லவில்லை'ன்னு எழுதினா தட்டாது. நீளமான வாக்கியம் எழுதினா மார்க் வரும்னு நம்பி எழுதுறவங்க அதிகமா சிக்கற இடம் இது.

பிழையின்மைக்கு வந்தா கதை வேற. 7-ஆம் தாள்ல ஒற்றுப்பிழைகூட இல்லை, முழுசா 4. 14-ஆம் தாள்ல 'கொட்டும்', 'வைக்கும்', 'சொன்னது'ன்னு அம்மாவை அஃறிணையில எழுதியிருக்கான். சில ஊர்ப் பக்கம் வீட்டுல பாசமா அப்படித்தான் பேசுவாங்க, ஆனா பரீட்சைத் தமிழுக்கு ஆகாது. அதை மூணு பிழையா எண்ணாம ஒரே பிழையா எண்ணணும்னு தமிழம்மா சொன்னதை ஐயா ஒத்துக்கிட்டார். எழுதினவனுக்குத் தெரியாதது ஒண்ணுதானே! அம்மா பேசுற வார்த்தையைப் பேச்சுத்தமிழ்ல எழுதினதும் தப்பு இல்லை, மேற்கோள் குறிக்குள்ள போட்டிருக்கணும், அவ்வளவுதான். ஆனா 'எண்ணிட்டு', 'கொட்டப் போறதை', 'முன்னாடி'ன்னு அவனோட சொந்த வாக்கியத்துலயும் பேச்சுத்தமிழ் கலந்திருக்கு. அது தாள் முழுக்க வருது. ஒற்றும் நிறைய இடத்துல காணோம். இரக்கம் காட்டாம பூஜ்யம். ஆக மொழிக்கு 7-ஆம் தாள் 8, 14-ஆம் தாள் 5.

எல்லாம் கூட்டினேன். 7-ஆம் தாள்: 5, 3, 8. மொத்தம் 16. 14-ஆம் தாளுக்கு விரிவுல ரெண்டு பேரும் 7-க்கு வந்தாங்க. ஏறின படி எல்லாம் உறுதியா இருக்கு, ஆனா இட்லிக் கடையோட நின்னுடுச்சு, ஊருக்குள்ள போகலை. 7, 9, 5. மொத்தம் 21.

ஐயாவுக்கு முதல் தடவை ஏன் அப்படித் தோணுச்சு? அதை அவரே பிரிச்சுச் சொன்னார். ராத்திரி ஒரே மூச்சுல ஒண்ணுலயிருந்து வரிசையா திருத்தினாராம். முதல் ஆறு தாளும் ரொம்பச் சுமார். ஏழாவதா அழகான கையெழுத்தும் குறளும் வந்ததும் மனசு குளிர்ந்து போச்சு. அந்தக் குளிர்ச்சி மூணு கட்டத்துக்கும் பரவிடுச்சு. கையெழுத்துக்குக் கட்டமே இல்லை, ஆனா அதுதான் மூணு கட்டத்துலயும் மார்க் வாங்கியிருக்கு! தமிழம்மா திருத்தின முறை வேற. முதல்ல 27 தாளையும் மார்க் போடாம புரட்டி, ஒரு நல்ல தாள், ஒரு நடுத்தரத் தாள்னு ரெண்டை அளவுகோலா தனியா எடுத்து வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் எல்லாத் தாளுக்கும் விரிவு மட்டும். தாளைக் கலைச்சுட்டு, எல்லாத்துக்கும் எடுத்துக்காட்டு மட்டும். மறுபடி கலைச்சுட்டு மொழி. நேரம் கூடுதலாத்தான் ஆகும். பப்ளிக் எக்ஸாம் மாதிரி கட்டுக்கட்டா வர்ற இடத்துல இது நடக்காதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

நோட்ஸ்ல இருந்து மனப்பாடம் பண்ணி எழுதினதைக் கண்டுபிடிக்க முடியுமான்னு கேட்டேன். ஓரளவுக்கு முடியுமாம். ஒட்டுப் போட்ட இடம் தெரியும். 'இன்றைய நவநாகரிக உலகில்'னு கம்பீரமா போய்க்கிட்டிருக்கிற பத்திக்கு அடுத்த பத்தி திடீர்னு செருப்பு மாத்தின மாதிரி வேற நடை நடக்கும். அந்தக் கம்பீரப் பத்தியில தலைப்போட சொல் ஒண்ணுகூட இருக்காது. ஆனா நல்லா ஒட்டத் தெரிஞ்சவனை ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஐயா கையை விரிச்சுட்டார்.

சமூகப் பிரச்சினைத் தலைப்பு வந்தாலும் பென்சில் சோதனை இதேதான். பிளாஸ்டிக்கோ, குடிநீரோ, எதுவா இருந்தாலும் 'அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும், மக்களும் விழிப்புணர்வு பெற வேண்டும்'னு ஒரு வாக்கியம் வந்தே தீரும். எந்தத் துறை, என்ன நடவடிக்கை, அதுக்கு என்ன தடைன்னு அடுத்த வாக்கியம் வந்தா அது விரிவு. வராட்டி அந்த வரிக்கு மார்க் கிடையாது. உங்க தெருக் குழாயில எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்குத் தண்ணி வருதுன்னு எழுதினா, அதுதான் எடுத்துக்காட்டு.

முதல் பரிசு யாருக்குன்னு கேட்கிறீங்களா? 22-ஆம் தாளுக்கு, 25 மார்க். அதுல மட்டும்தான் ஒரு பொண்ணு பழமொழியையே மடக்கியிருந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இலையில அளந்து போடலாமா, பசின்னு வந்தவன்கிட்ட கரண்டியை எண்ணலாமான்னு கேட்டுட்டு, அளக்க வேண்டியது பரிமாறும்போது இல்லை, உலை வைக்கும்போதுன்னு பதில் சொல்லியிருந்தாள். இந்தப் பழமொழி எங்கே செல்லும், எங்கே செல்லாதுன்னு பிரிச்சதுக்கே ரெண்டு பேரும் விரிவுக்கு 9 போட்டிருந்தாங்க, பேசி வெச்சுக்காமலேயே.

14-ஆம் தாளுக்கு ரெண்டாம் பரிசு. பரிசு பெற்ற மூணு கட்டுரையும் காலேஜ் ஆண்டு மலர்ல வருது. 'கொட்டும்'கிறதை 'கொட்டுவார்'னு மாத்தி அச்சடிக்கிறதா, அப்படியே விடுறதான்னு ஐயாவும் தமிழம்மாவும் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.

தாளைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி கீழே குறிப்பு எழுதணுமே. 'இன்னும் விரிவாக எழுதுக'ன்னு எழுதப் போன ஐயா, பேனாவை நிறுத்திட்டு, சிவப்பு மையில இப்படி எழுதினார்: 'அம்மா எழுதி வைத்த காலண்டர்த் தாள் ஒன்றில் என்ன இருந்தது என்று மூன்று வரி எழுதியிருக்கலாம். எந்தக் கிழமை எத்தனை கரண்டி மிஞ்சியது, மறுநாள் எவ்வளவு பருப்புக் குறைந்தது? அம்மா பேசியதை மேற்கோள் குறிக்குள் எழுதவும். அம்மாவுக்கு 'ஆர்' விகுதி.'